வெள்ளை வண்டியில் வரும் படை

போருக்குப் போகும் ராணுவ வண்டிக்கு மண்ணோடும் மரத்தோடும் கலந்துவிடும் நிறத்தைப் பூசுவார்கள். எதிரியின் கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் முதல் கவசம். ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப்படை வண்டியோ பளீரென்ற வெள்ளை, பக்கவாட்டில் யு.என். என்ற எழுத்துகள் பெரிது பெரிதாக. காவல் சாவடி மேட்டின் உச்சியில், நாலா பக்கமும் தெரியும்படி இருக்கும். தலையில் வெளிர் நீலத் தொப்பி. மறைவதே தொழிலாகக் கொண்ட ஒரு சிப்பாயிடம், "நீ எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்" என்று சொல்வதிலிருந்து அமைதிப்படை வேலை தொடங்குகிறது.

இந்த வெள்ளை நிறத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. போர்ப்படைக்கு எதிரி உண்டு. அமைதிப்படைக்கு எதிரி கிடையாது. நல்லவர்கள் என்பதால் அல்ல, படையை அனுப்பும் காகிதத்தில் யாரும் எதிரி என்று குறிக்கப்படுவதில்லை என்பதால். என்ன ஆயுதம் எடுத்துச் செல்லலாம், எப்போது விசையை அழுத்தலாம், எங்கே சாவடி போடலாம் என்ற எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை. எதிரி இல்லாத படையை யாராவது எதிரியாக நினைத்துத் தாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு போஸ்னியாவில், ஒரே ஐ.நா. படைக்குள், இரண்டு நேர்மாறான விடைகள் கிடைத்தன. அங்கே போவதற்கு முன் இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

1956 நவம்பரில் சூயஸ் கால்வாய்ப் போரை நிறுத்த ஐ.நா. பொதுச்சபை ஒரு படையை அவசரமாகத் திரட்டியது. எகிப்தைத் தாக்கிய மூன்று நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. அதனால் வரும் சிப்பாய்கள் பிரிட்டிஷ்காரர்கள் போலத் தெரியக் கூடாது என்ற கவலை எழுந்தது. நீலத் தொப்பி தைக்க நேரமில்லை. அமெரிக்க ராணுவத்தின் தலைக்கவச உள்ளோடுகளை வாங்கி, நீல வண்ணத்தைத் தெளித்து அனுப்பினார்கள். கனடா அனுப்ப முன்வந்த படையணியின் பெயரே 'ராணியின் சொந்தத் துப்பாக்கிப் படை'. எகிப்து அதிபர் நாசர் ஏற்கவில்லை. அது வேடிக்கையான மறுப்பாகத் தோன்றலாம், ஆனால் முழுக்க நியாயமானது. தாக்கிய நாட்டின் அரசியுடைய பெயரையும் அதே போன்ற சீருடையையும் தாங்கி வருபவரை நடுவர் என்று எந்தக் குடியானவன் நம்புவான்?

அந்தப் படையிலிருந்து மூன்று விதிகள் நிலைத்தன. சம்பந்தப்பட்ட தரப்புகளின் சம்மதத்தோடு வர வேண்டும். எந்தப் பக்கமும் சாயக் கூடாது. தற்காப்புக்கும், பின்னாளில் சேர்க்கப்பட்டபடி, படையை அனுப்பிய ஆணையைக் காப்பதற்கும் அன்றி ஆயுதம் ஏந்தக் கூடாது. மூன்றில் சம்மதம்தான் கடைக்கால். அதை உருவினால் மற்ற இரண்டும் நிற்காது. 1967 மே மாதத்தில் எகிப்து "போய்விடுங்கள்" என்றது, பொதுச்செயலாளர் ஊ தாண்ட் படையைத் திரும்ப அழைத்தார். ஜூனில் போர் மூண்டபோது, காசாவில் இன்னும் கிளம்பாமல் இருந்த இந்தியச் சிப்பாய்கள் சிலர் குண்டடிபட்டு இறந்தார்கள்.

தமிழில் 'அமைதிப்படை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது ஐ.நா. அல்ல, 1987இல் இலங்கைக்குப் போன இந்தியப் படை. மேற்சொன்ன அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்தால் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் விளங்கும். அதற்கு ஐ.நா. ஆணை இல்லை, ஜூலை 29 அன்று இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தமே அடிப்படை. அதன் இணைப்பில் இந்தியப் படையின் வேலை, போர்நிறுத்தத்துக்கு உத்தரவாதம் தருவதும் அதை நடைமுறைப்படுத்துவதும். நடைமுறைப்படுத்து என்ற சொல்லுக்குள் பலப்பிரயோகம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆயுதம் வைத்திருந்த முக்கியத் தரப்பான விடுதலைப் புலிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அக்டோபர் 10 அன்று சண்டை தொடங்கியபோது, பச்சைச் சீருடையில் டாங்கிகளோடும் ஹெலிகாப்டர்களோடும் நின்ற அந்தப் படை எதிரியைக் கொண்ட படையாகிவிட்டிருந்தது. பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. 1990 மார்ச்சில் அது திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். சாதாரணத் தமிழ் மக்கள் கொடுத்த விலை தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி, எப்போது சுடலாம் என்ற கேள்வி. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

போரில் ஒரு சிப்பாய் எதிர்ப்படைச் சிப்பாயைச் சுடுவதற்கு, அவர் அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது முக்கியமில்லை. சமைத்துக்கொண்டிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். சரணடையவில்லை, காயப்பட்டு விழவில்லை என்றால் அவர் சட்டப்படி இலக்கு. அவர் யார் என்பதே போதும். அமைதிப்படைச் சிப்பாய்க்கு இது தலைகீழ். எதிரில் நிற்பவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்பது அவருக்குச் சுடும் உரிமையைத் தராது. இந்த நொடியில் அவர் என்ன செய்கிறார் என்பதே தரும். துப்பாக்கி ஏந்தியவர்கள் சாவடி முன் லாரியில் கடந்து போனால் எழுதி வைத்துக்கொண்டு மேலே தெரிவிக்க வேண்டியதுதான். அதே ஆள் துப்பாக்கியைத் திருப்பிக் குறிபார்த்தால் நிலைமை மாறுகிறது. அப்போதும் முறைப்படி படிகள் உண்டு: உள்ளூர் மொழியில் உரக்க எச்சரிப்பது, ஆயுதத்தைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்து காட்டுவது, வானத்தை நோக்கியோ ஆபத்தில்லாத இடத்திலோ ஒரு எச்சரிக்கைக் குண்டு, கடைசியாகக் குறிபார்த்துச் சூடு. எச்சரிக்க அவகாசமே இல்லாமல் உயிர் போகும் நிலை என்றால் படிகளைத் தாண்டலாம். தாக்குதல் நின்றதும் சூடும் நிற்க வேண்டும். ஓடுகிறவரைத் துரத்திச் சென்று அழிப்பது போர்ப்படையின் வேலை. வெற்றி என்பதே அதில்தான் இருக்கிறது. அமைதிப்படைக்கு வெற்றி என்று ஒன்று கிடையாது.

இந்த விதிகளைச் சுருக்கிச் சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொருவரிடமும் கொடுப்பார்கள். அட்டை தெளிவாகவே இருக்கும். சிக்கல் அட்டைக்கு மேலே, ஆணையின் வாசகத்தில் இருக்கிறது.

போர்ப்படைக்கு வரும் உத்தரவில் வினைச்சொற்கள் கூர்மையானவை: கைப்பற்று, அழி, இந்த மேட்டை இத்தனை மணிக்குள் பிடி. பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானமோ 15 நாடுகள் பேரம் பேசி எழுதும் வாசகம். கண்காணி, உதவு, ஊக்கப்படுத்து என்று வினைச்சொற்கள் வழுக்கிக்கொண்டு போகும். தளபதி சில சமயம் வக்கீலைப் போல ஒரு அசைச்சொல்லுக்குப் பொருள் தேட வேண்டிவரும்.

யூகோஸ்லாவியா உடைந்தபோது போஸ்னியாவில் போர் மூண்டது. 1993 ஏப்ரலில் கிழக்கு போஸ்னியாவின் சிறு நகரமான ஸ்ரெப்ரெனிட்சாவை செர்பியப் படைகள் சூழ்ந்திருந்தன. உள்ளே பல்லாயிரம் முஸ்லிம் அகதிகள். 819ஆம் தீர்மானத்தின் மூலம் பாதுகாப்பு கவுன்சில் அதைப் 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்தது. மே மாதத்தில் துஸ்லா, சரயேவோ உட்பட மேலும் ஐந்து நகரங்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஜூன் 4 அன்று வந்த 836ஆம் தீர்மானம் ஐ.நா. படைக்கு வேலையை விவரித்தது. அதில் 'காப்பாற்று' என்ற சொல் இல்லை. பகுதிகள் மீதான தாக்குதலை 'வராமல் தடுத்துவை' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. தங்கள் இருப்பைக் காட்டியே எதிராளியைத் தயங்க வைப்பது என்பது அதன் உள்ளர்த்தம். பலப்பிரயோகமும் அனுமதிக்கப்பட்டது, ஆனால் அந்த வாக்கியத்தின் முன்னால் 'தற்காப்பில் செயல்பட்டு' என்ற ஒரு தொடர் நுழைந்திருந்தது. யாருடைய தற்காப்பு? சிப்பாயினுடையதா, நகரத்தினுடையதா? வரைந்தவர்கள் வேண்டுமென்றே திறந்து விட்ட கதவு அது என்றுதான் நான் நினைக்கிறேன். இறுக்கமாக எழுதியிருந்தால் படை கொடுக்க நாடுகள் கிடைத்திருக்காது.

படையும் கிடைக்கவில்லை. ஆறு பகுதிகளுக்கும் சேர்த்து 34,000 பேர் வேண்டும் என்று ஐ.நா. ராணுவ ஆலோசகர்கள் கணக்கிட்டார்கள். கவுன்சில் ஏற்றது 7,600 பேர் கொண்ட எளிய திட்டத்தை. எண்ணிக்கையில் உள்ள பள்ளத்தை நேட்டோ விமானங்கள் நிரப்பும் என்பது நம்பிக்கை.

ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு 1994இலிருந்து நெதர்லாந்துப் படை பொறுப்பேற்றது. நல்ல பயிற்சி பெற்ற வான்வழிப் படையணியிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய கவச வாகனத்தில் வழக்கமாக 25 மி.மீ. பீரங்கி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி பொருத்திக் கொண்டுவந்தார்கள். பீரங்கி மிரட்டுவது போல இருக்கும் என்பது காரணம். எதிரி இல்லை என்ற கொள்கையைச் சரியாகவே பின்பற்றினார்கள் என்று சொல்ல வேண்டும். டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் இருந்தன, சில சிறிய மோர்ட்டார்களும் இருந்தன. டாங்கியோ கனரகப் பீரங்கியோ இல்லை. கண்காணிப்புச் சாவடிகளை எல்லையோரக் குன்றுகளில் வெட்டவெளியில் அமைத்தார்கள். ஒரு போர்ப்படை அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்காது. ஒரு சாவடிக்கு இன்னொன்று துணைச்சூடு கொடுக்கும்படி, கண்ணிவெடி புதைத்து, பதுங்குகுழி வெட்டி, பின்வாங்கும் வழியையும் குறித்துவைத்திருக்கும். பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும் போட்ட சாவடி சண்டைக்கு உதவாது; ஏற்பாட்டின் குணமே அது.

அதைவிட மோசமான பலவீனம், உணவும் டீசலும் வந்துசேர வேண்டிய சாலை செர்பியர்கள் கையில் இருந்தது. சம்மதத்தின் பேரில் வாழும் படைக்குச் சம்மதம் தருபவரே தொண்டைக்குழியில் கை வைத்திருக்கலாம். 1995இன் முதல் மாதங்களிலேயே எரிபொருள் வண்டிகள் நின்றுபோயின. கவச வாகனங்களை நிறுத்திவிட்டு நடந்து ரோந்து போனார்கள். விடுப்பில் போனவர்களைத் திரும்ப உள்ளே விடாததால் ஆளெண்ணிக்கையும் குறைந்தது. ஜூலையில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 450 பேர். அவர்களிலும் எல்லோரும் சண்டைக்கு உரியவர்கள் அல்ல.

ஜூலை 6 அன்று போஸ்னிய செர்பியத் தளபதி ரட்கோ ம்லாடிச்சின் படைகள் தெற்கிலிருந்து தாக்கத் தொடங்கின. சாவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சில சாவடிகளின் நெதர்லாந்துச் சிப்பாய்கள் செர்பியர்களிடம் பிடிபட்டார்கள். 9ஆம் தேதி இரவு மேலிடம் ஒரு உத்தரவு அனுப்பியது: நகரத்துக்கு வரும் சாலையில் வெள்ளை வண்டிகளைக் குறுக்கே நிறுத்துங்கள். அதன் தர்க்கம் கவனிக்கத்தக்கது. அந்த வண்டிகளால் டாங்கியைத் தடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவற்றின் மீது சுட்டால் அது ஐ.நா. மீதான தாக்குதலாகிவிடும், தற்காப்பு விதி உயிர்பெறும், விமானத்தை அழைக்கலாம். சிப்பாயைத் தூண்டில் புழுவாக வைத்து விதியின் கதவைத் திறக்கும் முயற்சி அது.

10ஆம் தேதி மாலை செர்பியக் காலாட்படை மேட்டில் தென்பட்டது. நெதர்லாந்துக்காரர்கள் வெளிச்சக் குண்டுகளை ஏவினார்கள், பிறகு இயந்திரத் துப்பாக்கியால் தலைக்கு மேலாகச் சுட்டார்கள். அட்டையில் இருக்கும் படிகளின்படி எல்லாம் முறையாகவே நடந்தது. தாக்கியவர்கள் மீது அவர்கள் ஒருமுறைகூட நேராகச் சுடவில்லை என்று ஐ.நா. 1999இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை பதிவு செய்கிறது. எச்சரிக்கைச் சூட்டுக்குப் பின்னால் உண்மையான சூடு வரும் என்று எதிராளி நம்பும்வரைதான் எச்சரிக்கைக்கு மதிப்பு. அது வராது என்று ம்லாடிச்சின் ஆட்கள் சில நாட்களிலேயே கண்டுகொண்டார்கள்.

விமானமோ இரண்டு சாவிப் பூட்டுக்குள் இருந்தது. ஐ.நா. ஒரு சாவி, நேட்டோ ஒரு சாவி. இரண்டும் திரும்பினால்தான் குண்டு விழும். மே மாதத்தில் நேட்டோ செர்பிய வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கியதற்குப் பதிலாக 300க்கும் மேற்பட்ட ஐ.நா. ஆட்களைப் பிணையாகப் பிடித்து, சிலரைக் குண்டு விழக்கூடிய இடங்களில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அந்த நினைவு ஐ.நா. தளபதிகளின் கையைப் பிடித்தது. 10ஆம் தேதி இரவு அனுமதி வரவில்லை. 11ஆம் தேதி பிற்பகலில்தான் இரண்டு எஃப்-16 விமானங்கள் வந்து குண்டு போட்டன. மேலும் தாக்கினால் பிடிபட்ட நெதர்லாந்துச் சிப்பாய்களைக் கொல்வோம் என்று செர்பியர்கள் எச்சரித்ததும் அதுவும் நின்றது. அன்றே நகரம் விழுந்தது. நெதர்லாந்துப் படையின் போட்டோச்சாரி முகாமைச் சுற்றித் திரண்ட அகதிகளிலிருந்து ஆண்கள் பிரிக்கப்பட்டார்கள். காட்டு வழியே தப்பியவர்களும் வளைக்கப்பட்டார்கள். சில நாட்களில் ஏறக்குறைய 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

அமைதிப்படை என்றால் இப்படித்தான் முடியும் என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டுவதுண்டு. அவர்கள் துஸ்லாவைப் பார்க்க வேண்டும்.

அதே போஸ்னியா, அதே ஐ.நா. படை, அதே 836. துஸ்லா பகுதிக்குப் பொறுப்பேற்ற நார்டிக் படையணிக்கு ஸ்வீடன்காரரான உல்ஃப் ஹென்ரிக்சன் தளபதி. அதில் டென்மார்க் பத்து லெப்பர்ட் டாங்கிகளைச் சேர்த்திருந்தது. வெள்ளை வண்ணம் பூசிய, 105 மி.மீ. பீரங்கி கொண்ட டாங்கிகள். அமைதிப்படைக்கு டாங்கி எதற்கு என்ற கேள்வி அப்போது எழத்தான் செய்தது.

1994 ஏப்ரல் 29 இரவு ஸ்வீடன் படையின் ஒரு கண்காணிப்புச் சாவடி செர்பியர்களின் குண்டுவீச்சுக்கு ஆளானது. அதைக் காக்க ஏழு டாங்கிகள் கிளம்பின. போகும் வழியில் அவற்றின் மீதே டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் பாய்ந்தன. இங்கே மேலிடத்தின் சாவிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தாக்கப்பட்டது அவர்களே, திருப்பித் தாக்கும் கருவியும் அவர்கள் கையிலேயே இருந்தது. எங்கிருந்து சூடு வருகிறதோ அந்த இடங்களைக் குறிவைத்து 72 குண்டுகளைப் பொழிந்தார்கள். டென்மார்க் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை. நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் டேனிஷ் மொழியில் 'போக்கிரிக்கு உதை' என்ற பொருள்படும். ராணுவத்தினரின் நகைச்சுவை கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான்.

இதனால் டென்மார்க்காரர்கள் போர்ப்படையாகிவிட்டார்களா? இல்லை. தங்களைச் சுட்டவரைச் சுட்டார்கள். சூடு அடங்கியதும் முன்னேறிச் சென்று செர்பிய நிலைகளைக் கைப்பற்றவில்லை; தளத்துக்குத் திரும்பினார்கள். மறுநாளும் செர்பியர்கள் அவர்களுக்கு எதிரி அல்ல, பேச வேண்டிய ஒரு தரப்புதான். கனரக ஆயுதம் கையில் இருப்பது ஒரு படையைப் போர்ப்படையாக்கிவிடாது, அந்த ஆயுதம் எதை நோக்கிப் பயன்படுகிறது என்பதே ஆக்கும். இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். துஸ்லா பரந்த பகுதி, போஸ்னிய அரசுப் படை அங்கே வலுவாக இருந்தது. ஸ்ரெப்ரெனிட்சா முற்றாகச் சூழப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு. அங்கே பத்து டாங்கிகளை முதலில் கொண்டுபோகவே செர்பியர்கள் விட்டிருக்க மாட்டார்கள். டீசல் இல்லாத டாங்கி வெறும் இரும்புதான்.

ஸ்ரெப்ரெனிட்சாவின் பேரழிவுக்கும் அதற்கு முந்தைய ஆண்டு ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைக்கும் பிறகு ஆணைகளின் மொழி மாறியது. 1999 அக்டோபரில் சியரா லியோன் படைக்கான 1270ஆம் தீர்மானம், உடல்ரீதியான வன்முறை அபாயத்தில் இருக்கும் பொதுமக்களைப் பாதுகாக்கும் அதிகாரத்தை, ஐ.நா. சாசனத்தின் கட்டாயப்படுத்தும் அதிகாரமுள்ள ஏழாம் அத்தியாயத்தின் கீழ், வெளிப்படையாக எழுதியது. சிப்பாயின் அட்டையில் இதன் விளைவு எளிமையானது: 'என்னை' என்று இருந்த இடத்தில் 'என்னையோ என் கண்முன் இருக்கும் பொதுமகனையோ' என்று ஆனது. சொல் மாறிய வேகத்தில் ஆயுதமும் ஹெலிகாப்டரும் ஆளெண்ணிக்கையும் மாறவில்லை. அடுத்த மே மாதத்திலேயே அதே சியரா லியோனில் கிளர்ச்சியாளர்கள் ஏறக்குறைய 500 ஐ.நா. சிப்பாய்களைப் பிடித்துவைத்தார்கள்.

கோடு உண்மையிலேயே தாண்டப்பட்டது 2013 மார்ச்சில், காங்கோவில். 2098ஆம் தீர்மானம் அங்கிருந்த ஐ.நா. படைக்குள் தென்னாப்பிரிக்கா, டான்சானியா, மலாவி நாட்டுச் சிப்பாய்களைக் கொண்ட ஒரு 'தலையீட்டுப் படையணி'யை அமைத்தது. பீரங்கிப் பிரிவும் சிறப்புப் படையும் அதில் அடக்கம். ஆயுதக் குழுக்களைச் 'செயலிழக்கச் செய்' என்பது அதன் வேலை. எதிராளி சுடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தேடிப்போகலாம். காங்கோ அரசுப் படையோடு சேர்ந்து அது சண்டையிட்டது. எம்23 என்ற கிளர்ச்சிக் குழு அந்த நவம்பரில் அப்போதைக்குத் தோற்று ஒடுங்கியது.

ராணுவக் கணக்கில் வெற்றிதான். சட்டக் கணக்கில் ஒரு சிக்கல் எழுந்தது. அமைதிப்படையினரைத் தாக்குவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சாசனத்தின்படி போர்க்குற்றம், ஆனால் அவர்கள் பொதுமக்களுக்கு உரிய பாதுகாப்புக்குத் தகுதியுள்ளவரை மட்டுமே. மோதலில் ஒரு தரப்பாகிவிட்ட சிப்பாய் அந்தப் பாதுகாப்பை இழக்கிறார். காங்கோவில் தலையீட்டுப் படையணியும் அதற்குப் பக்கத்திலேயே சாவடி காத்த மற்ற நாட்டுப் படைகளும் ஒரே நீலத் தொப்பியைத்தான் அணிந்திருந்தன. புதரிலிருந்து பார்க்கும் கிளர்ச்சியாளன் யாரைச் சுடலாம், யாரைச் சுடக் கூடாது என்று எப்படிப் பிரித்தறிவான், நாளை நீதிமன்றம் எப்படிப் பிரித்தறியும் என்பது சட்டவல்லுநர்கள் இன்னும் வாதிடும் கேள்வி. தீர்மானத்தை எழுதியவர்களுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். இது விதிவிலக்கான ஏற்பாடு, முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே படையணிக்கு அனுமதியை நீட்டித்தார்கள். அதற்கடுத்த ஆண்டும்.